காசு வாங்கிய பதிவில் "காசு வாங்கினேன்" என்று எழுதுவது எப்படி: தமிழ் கேப்ஷனைத் திருத்துபவருக்கான வழிகாட்டி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய கேப்ஷனைத் திருத்துவது என் பிழைப்பு. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது வேலை குவியும். சேலைக்கடை, நகைக்கடை, மசாலா, முறுக்கு என்று எல்லாரும் இன்ஃப்ளூயன்சரைப் பிடிப்பார்கள். பதிவு வெளியாகும் முன் எழுத்து என் மேசைக்கு வரும். நான் பார்க்க வேண்டியது இரண்டு: இது பணம் வாங்கிய பதிவு என்பது படிப்பவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறதா? தெரிந்த பிறகும் அவர் தொடர்ந்து படிப்பாரா?

இரண்டாவது கேள்விக்குப் பயந்துதான் பலர் முதல் கேள்வியை மழுப்புகிறார்கள். நான் பார்த்தவரை, "விளம்பரம்" என்ற சொல் ஒரு பதிவைக் கொல்வதில்லை. அந்தச் சொல்லைப் போட்ட பிறகும் விளம்பரமே இல்லாத மாதிரி நடிக்கும் அடுத்த நான்கு வாக்கியங்கள்தான் கொல்கின்றன. ஆகவே திருத்துபவரின் வேலை ஓர் ஒட்டுச்சீட்டைத் தலையில் ஒட்டுவதோடு முடியாது. முழு எழுத்தையும் அந்த உண்மைக்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டியிருக்கும்.

போன பருவத்தில் வந்த ஒரு பதிவை வைத்து இதைச் சொல்கிறேன். ஆளும் கடையும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக்கடை. பட்டர்வொர்த்தில் சமையல் ரீல் போடும் ஒரு தங்கச்சி. பொருள், இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர். அவர் அனுப்பிய கேப்ஷன் இது:

"தீபாவளி காலையில இட்லியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் இல்லாம விடியுமா? ஆனா மாவு அரைக்கிறத நெனச்சாலே முதுகு வலிக்கும்! பல வருஷமா பழைய கிரைண்டரோட போராடுன எனக்கு இப்பதான் ஒரு விடிவு கெடச்சிருக்கு. லிட்டில் இந்தியாவுல தேடித் தேடி கடைசில இந்தக் கடையில கண்டுபிடிச்சேன். சத்தமே இல்ல! மாவு பஞ்சு மாதிரி! என் நேர்மையான கருத்து, கண்ண மூடிட்டு வாங்கலாம். என் கோட் சொன்னா 50 வெள்ளி குறைவு. நன்றி அண்ணே! #தீபாவளி #penangfoodie #idli #collab #sp"

நல்ல எழுத்து. பேச்சு இருக்கிறது, பண்டிகை இருக்கிறது. ஆனால் இது விளம்பரம் என்று அதில் எங்கே இருக்கிறது? கடைசி வரியில், `#collab`, `#sp` என்ற இரண்டு ஹேஷ்டேகில். அதை எந்த அம்மா கண்டுபிடிப்பார்?

எழுத்தைத் தொடுவதற்கு முன், ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

கேப்ஷனை மட்டும் வைத்துத் திருத்த உட்காராதீர்கள். என்ன கைமாறியது என்று தெரியாமல் அதை எப்படி வெளிப்படுத்துவது? நான் இன்ஃப்ளூயன்சரையும் கடையையும் தனித்தனியாகக் கேட்பேன். இரண்டு பதிலும் சில நேரம் வேறுவேறாக வரும், அதுவே ஒரு தகவல்.

இந்தப் பதிவுக்குத் தங்கச்சி சொன்னது, "800 வெள்ளி அக்கா." கடைக்காரர் சொன்னது, "800 வெள்ளி, கிரைண்டர் அவங்களே வெச்சுக்கலாம், கோட்ல வர்ற ஒவ்வொரு விற்பனைக்கும் 20 வெள்ளி." தங்கச்சி பொய் சொல்லவில்லை. பொருளும் கமிஷனும் அவர் மனதில் "காசு" என்ற கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் படிப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றுமே அவருடைய வாயை இனிப்பாக்கக் கூடியவை. பணம் வாங்காமல் பொருளை மட்டும் வாங்கியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் சமூகத்தில் மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, "கடைக்காரர் உங்களுக்கு உறவா?" மாமா கடை, அண்ணி பொட்டிக், கணவர் வேலை செய்யும் இடம். பணமே கைமாறாமல் இருக்கலாம், ஆனாலும் அந்த உறவு தெரிந்தால் படிப்பவர் வேறு மாதிரி எடைபோடுவார். அப்படியிருந்தால் "இது என் மாமா கடை" என்ற நான்கு சொல் போதும். சொல்லப்போனால் அது பதிவுக்கு ஒரு சுவையே சேர்க்கும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் கட்டாயம் கேட்பார். தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998இன் கீழ் நம் நாட்டில் ஓர் உள்ளடக்க நெறிமுறை இருக்கிறது. 2022இல் வந்த அதன் மூன்றாவது பதிப்பு இன்ஃப்ளூயன்சர்களையும் சேர்த்துப் பேசுகிறது: பணம் பெற்றுச் செய்யும் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியப்படுத்த வேண்டும். அதற்கு அப்பால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பொருளைப் பற்றிப் பொய்யாகவோ ஏமாற்றும்படியோ சொல்வதைத் தடுக்கிறது. எண்ணெய், மாத்திரை, "சர்க்கரையைக் குறைக்கும்" வகைப் பொருளென்றால் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் வேறு வந்து நிற்கும். அதற்கு இந்த வழிகாட்டி போதாது. நல்லவேளை, கிரைண்டர் எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை.

முதல் வாசிப்பைக் கைத்தொலைபேசியில் செய்யுங்கள்

கணினித் திரையில் முழுக் கேப்ஷனும் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். படிப்பவர் பார்ப்பதோ முதல் ஒன்றிரண்டு வரியும் அதற்குப் பின்னால் ஒரு `more` என்ற சொல்லும்தான். இன்ஸ்டாகிராமில் சுமார் 125 எழுத்துக்குறிக்குப் பின் கேப்ஷன் மடிந்துவிடும் என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு. ரீலில் அதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

தமிழில் எழுதுபவருக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்குகிறது. நம் கண்ணுக்கு "வி" ஒரு எழுத்து, கணினிக்கு அது இரண்டு குறி. "விளம்பரம்" என்பது நமக்கு ஆறு எழுத்து, கணினி எண்ணினால் ஒன்பது. தமிழ்ச் சொற்களும் நீளம், அதனால் வரியும் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தாராளமாக உள்ளே அடங்கும் ஒரு வாக்கியம் தமிழில் மடிப்புக்குப் பின்னால் போய்விடும். ஆகவே எண்ணிக்கொண்டிருக்காமல், கேப்ஷனை ஒரு தனிக் கணக்கில் வரைவாகப் போட்டுச் சாதாரண அளவுத் தொலைபேசியில் பாருங்கள். அம்மாவைப் போல எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவரின் தொலைபேசி கிடைத்தால் இன்னும் நல்லது.

தங்கச்சியின் கேப்ஷனில் மடிப்புக்கு முன் தெரிந்தது தீபாவளி இட்லியும் முதுகு வலியும் மட்டுமே. கிரைண்டர்கூட வரவில்லை. `#collab` அதற்கும் எவ்வளவோ கீழே.

வெளிப்படுத்தும் சொல் மடிப்புக்கு முன்னால் வர வேண்டும், முடிந்தால் முதல் சொல்லாகவே. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்தச் சொல்?

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது, ஏனென்றால் ஆங்கில வழிகாட்டிகள் இங்கே நமக்குக் கைகொடுப்பதில்லை.

`#ad` ஆங்கிலப் பதிவில் தெளிவான சொல்தான். ஆனால் தமிழில் பேசி, தமிழில் எழுதி, வெளிப்படுத்தும் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால், யாருக்காக அந்தப் பதிவோ அவருக்கே அது போய்ச் சேராது. அமெரிக்க வணிக ஆணையம் இன்ஃப்ளூயன்சருக்குத் தரும் அறிவுரையும் இதுதான்: பரிந்துரை எந்த மொழியோ, வெளிப்படுத்தலும் அந்த மொழியில் இருக்கட்டும். `#sp`, `#collab` இரண்டையும் அதே ஆணையம் தெளிவற்றவை என்கிறது. "கொலாப்" என்றால் சேர்ந்து பாட்டுப் பாடியதாகக்கூட இருக்கலாம்.

தமிழில் இருக்கும் தேர்வுகளைப் பார்ப்போம். "கூட்டு முயற்சி" என்பது `#collab` வேட்டி கட்டி வந்தது, அதே மங்கல். "நன்றி அண்ணே" என்பது விசுவாசம் காட்டுகிறது, பணத்தைக் காட்டவில்லை. "அன்பளிப்பு" என்றால் கல்யாண வீட்டு மொய் நினைவுக்கு வரும், பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல் கொடுத்தது போல. "உபயம்" ஒரு வேடிக்கையான சொல். கோயிலில் டியூப் லைட்டு வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதிப் பழகியவர்கள் நாம், ஆக உபயதாரரை அறிவிப்பதில் நமக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் உபயம் கொடுப்பவர் புண்ணியத்துக்குக் கொடுக்கிறார், கடைக்காரர் விற்பனைக்குக் கொடுக்கிறார். நகைச்சுவையாக இரண்டாவது இடத்தில் வரலாம், அது மட்டுமே நின்றால் போதாது.

மிச்சம் இருப்பது "விளம்பரம்". தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைவரை வானொலியிலும் நாளிதழிலும் கேட்டுப் படித்த சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதிவு மலாய்க்காரர்களையும் குறிவைத்து இரண்டு மொழியில் இருந்தால் "இக்லான்" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சொல் சரியாக அமைந்த பிறகும் வாக்கியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கொடுத்தவரைக் காணாமல் ஆக்குவது தமிழில் மிக எளிது. "எனக்கு ஒரு கிரைண்டர் வந்துச்சு." "கெடச்சுச்சு." "அனுப்பி வெச்சிருந்தாங்க." மூன்றும் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள், மூன்றிலும் கொடுத்தவர் இல்லை. அக்கா அனுப்பினாரா, அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்ததா? எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி, எழுதுபவரே அறியாமல் இது நடந்துவிடும். தங்கச்சியின் "விடிவு கெடச்சிருக்கு" அந்த வகை. ஆகவே பதிவில் "வந்தது, கிடைத்தது, அமைந்தது" என்று எங்கே இருந்தாலும் வட்டம் போடுங்கள். பக்கத்தில் "யார்?" என்று எழுதுங்கள். "கடைக்காரங்க குடுத்தாங்க" என்று வந்தால்தான் வாக்கியம் முழுமை.

பணத்தைச் சொல்வதில் வேறு கூச்சம். "பணம் வாங்கிக்கிட்டுப் பேசறேன்" என்று எழுத யாருக்கும் கை வராது, கூலிக்கு மாரடிப்பது போல் தோன்றும். தொகையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "இந்த வீடியோவுக்குக் கடை பணம் குடுத்திருக்கு" என்று கடையை எழுவாயாக வைத்தால் கூச்சம் பாதி குறைந்துவிடும், உண்மையும் குறையாது.

முதல் வரி பொய்யாக்கிவிட்ட வரிகளைத் தேடுங்கள்

"விளம்பரம்" என்று முதலில் போட்டுவிட்டீர்கள். இப்போது மிச்சத்தைப் படியுங்கள். "லிட்டில் இந்தியாவுல தேடித் தேடி கடைசில இந்தக் கடையில கண்டுபிடிச்சேன்." தேடவில்லை, கடைக்காரர்தான் வாட்ஸ்அப் புலனத்தில் அவரைக் கூப்பிட்டார். முதல் வரி உண்மை சொல்கிறது, நான்காவது வரி அதை மறுக்கிறது. படிப்பவர் இதைச் சரியாக மோப்பம் பிடிப்பார். பிடித்துவிட்டால் இட்லி வரியையும் நம்பமாட்டார். பதிவு செத்துப்போவது இந்த இடத்தில்தான், "விளம்பரம்" என்ற சொல்லில் அல்ல.

இந்த வகை வரிகள் ஒரே குடும்பம்: தற்செயலாகக் கண்டுபிடித்தது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னது, வெகுநாளாக ஆசைப்பட்டு வாங்கியது. நடந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வெட்டுங்கள்.

"நேர்மையான கருத்து" என்பதையும் நான் எடுத்துவிடுவேன். அது பொய் என்பதற்காக இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன் என்று சொல்லத் தொடங்கினாலே கேட்பவர் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார்.

அடுத்தது, பொருளைப் பற்றிய வரிகள். "சத்தமே இல்ல." கல் உருளும் கிரைண்டரில் சத்தம் இல்லாமலா? நான் தங்கச்சியை அழைத்தேன்.

"எத்தனை தடவை அரைச்சீங்க?"

"ஷூட்டிங்க்கு ஒரு தடவை அக்கா."

"சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா பழசவிடக் கொறைச்சல்."

"அதையே எழுதுங்க."

பயன்படுத்தாத ஒன்றைப் பயன்படுத்தியதாகச் சொல்வது வெளிப்படுத்தலால் மன்னிக்கப்படும் குற்றம் அல்ல. பணம் வாங்கியதைச் சொல்லிவிட்டால் மற்றதில் கொஞ்சம் ஊதிப் பெருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது. இரண்டும் தனித்தனிக் கடன். ஆகவே பதிவை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். தங்கச்சி வாரம் இரண்டு முறை அரைத்துப் பார்த்தார். கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனால் தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில்தான் எழுத்துக்கு உயிர் வந்தது. உளுந்து இருபது நிமிடம், அரிசி அரை மணி என்று நேரம் தெரிந்தது. கல்லைத் தூக்கிக் கழுவுவதுதான் பெரிய பாடு என்றும் தெரிந்தது. குறை ஒன்றை எழுதலாமா என்று தயங்கினார். தாராளமாக எழுதலாம். விளம்பரம் என்று முதலிலேயே சொன்ன பதிவில், அரைத்துப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும் ஒரு குறை இருந்தால் அதுவே மற்ற வரிகளுக்குச் சாட்சி. ஒன்று போதும். மூன்று குறை எழுதினால் கடைக்காரர் எதற்குப் பணம் கொடுத்தார் என்று கேட்பார், நியாயம்தான்.

கடைசியில் கோட். "என் கோட் சொன்னா 50 வெள்ளி குறைவு" என்பது படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. எழுதியவருக்கு 20 வெள்ளி கிடைப்பதைச் சொல்லவில்லை. மேலே விளம்பரம் என்று சொல்லியாகிவிட்டதே என்று வாதிடலாம். ஆனால் வீடியோவுக்குப் பணம் ஒரு முறை வருவது, கமிஷன் ஒவ்வொரு விற்பனைக்கும் வருவது. கோட் இருக்கும் இடத்திலேயே ஒரு வாக்கியம் சேர்த்தால் தீர்ந்தது.

திருத்திய வடிவம்

நாங்கள் முடிவாக வெளியிட்டது:

"விளம்பரம்! இந்த கிரைண்டரையும் வீடியோவுக்குப் பணத்தையும் கடைக்காரங்க குடுத்தாங்க. மாவு அரைச்சது மட்டும் நான்.

ரெண்டு வாரம், நாலு தடவை. உளுந்து இருவது நிமிஷம், அரிசி அரை மணி. மாவு பொங்கி மூடியத் தள்ளிருச்சு. சத்தம் இருக்கு, ஆனா கதவச் சாத்துனா ஹால்ல டிவி கேக்குது, பழசுல அது நடக்காது. கல்லத் தூக்கிக் கழுவுறதுதான் பாடு, அதுக்கு வீட்டுக்காரரக் கூப்பிட்டுக்கோங்க.

தீபாவளி காலையில இட்லிக்கும் ஆட்டிறைச்சிக் குழம்புக்கும் இப்பவே மாவு கவல விட்டுச்சு. என் கோட் சொன்னா உங்களுக்கு 50 வெள்ளி குறையும், எனக்கும் ஒரு கமிஷன் வரும். #தீபாவளி #penangfoodie #idli"

முதல் பத்தியைப் பாருங்கள். வெளிப்படுத்தலே வாசகரை உள்ளே இழுக்கும் வேலையையும் செய்கிறது. "மாவு அரைச்சது மட்டும் நான்" என்பது தங்கச்சி தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னது, நான் எழுதியதல்ல. திருத்துபவர் உட்கார்ந்து யோசித்து எழுதும் வெளிப்படுத்தல் வங்கிப் படிவம் மாதிரி இருக்கும். "இப்பதிவு கட்டண அடிப்படையில் வெளியிடப்படுகிறது" என்று எழுதினால் எந்தத் தவறும் இல்லை, எந்த உயிரும் இல்லை, அது அவர் குரலும் இல்லை. ஆகவே எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். "உங்க சித்தி, 'இது யாரு வாங்கிக் குடுத்தது'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலில் முக்கால்வாசி அப்படியே பயன்படும்.

வீடியோவைத் தனியாகத் திருத்துங்கள்

கேப்ஷன் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், நம் ஆட்கள் வீடியோவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். யாரோ இறக்கிக் குடும்பப் புலனக் குழுவில் போடுவார்கள். அங்கே கேப்ஷன் வராது, தளம் தானாகக் காட்டும் `Paid partnership` முத்திரையும் வராது. அந்த முத்திரையைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சின்ன எழுத்து, பெயருக்குக் கீழே, பலர் கண் அங்கே போவதே இல்லை.

ஆகவே வீடியோவுக்குள்ளேயே இரண்டு தடவை வேண்டும்: வாயால் ஒரு முறை, எழுத்தாக ஒரு முறை. சத்தத்தை அணைத்துப் பார்ப்பவருக்கு எழுத்து, அடுப்படியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துக் கேட்பவருக்குக் குரல். எழுத்தைத் திரையின் அடியில் வைக்காதீர்கள், கேப்ஷன் மூடிவிடும். வலது ஓரத்தில் லைக் பொத்தான்கள் மறைக்கும். மேலே, உச்சியிலிருந்து கொஞ்சம் இறக்கி, வெள்ளை இட்லி மாவின் மேல் வெள்ளை எழுத்தாக இல்லாமல்.

எவ்வளவு நேரம்? இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டியில் ஓர் அளவு கிடைக்கிறது. 15 வினாடிக்குள் அடங்கும் வீடியோவில் குறைந்தது மூன்று வினாடி. அதற்கு மேல் இரண்டு நிமிடம்வரை, வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது இந்தியாவின் விதி, இங்கே அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அளவுகோலாக நான் பயன்படுத்துகிறேன், தமிழ்நாட்டிலிருந்தும் பார்வையாளர் வரும் கணக்குகளுக்கு அது பொருத்தமும்கூட. தங்கச்சியின் ரீல் 45 வினாடி, ஆக "விளம்பரம்" என்ற எழுத்து முதல் 15 வினாடி நின்றது. குரலில், மாவு ஊற்றும்போதே "கடைக்காரங்க குடுத்த கிரைண்டர், விளம்பரம்தான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

ஸ்டோரி தனி. ஐந்து ஸ்டோரி தொடர்ந்து போட்டால் முதலாவதில் மட்டும் சொல்வது போதாது, மூன்றாவதில் நுழைபவர் இருப்பார். பொருளையோ லிங்க்கையோ காட்டும் ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் வேண்டும்.

கடைக்காரரிடம் பேசுவது

"விளம்பரம்னு போட்டா யாரும்மா பாப்பாங்க? அப்புறம் நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" இந்தக் கேள்வி வராத வேலையே கிடையாது. சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் முறைப்பார். நான் இரண்டு கேப்ஷனையும் படித்துக் காட்டி, "அண்ணே, எதுல கிரைண்டரப் பத்தி அதிகம் தெரியுது?" என்று கேட்டேன். பழையதில் "சத்தமே இல்ல, பஞ்சு மாதிரி", அவ்வளவுதான். புதியதில் நேரம், சத்தம், மாவு பொங்கியது, கழுவும் பாடு என்று எல்லாமே இருக்கிறது. அவர் கல்லைப் பற்றிய வரியை மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "கடைக்கு வர்றவங்களும் அதத்தான் கேக்குறாங்க" என்றார்.

சில கடைக்காரர்கள் இணங்கவே மாட்டார்கள். முன்பு ஒரு நகைக்கடை "விளம்பரம்" என்ற சொல் இருந்தால் பணம் தரமாட்டோம் என்று எழுத்திலேயே சொன்னது. அந்த வேலையை நாங்கள் விட்டுவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு அந்த மாதம் கஷ்டம்தான், மறைத்துச் சொல்லப்போவதில்லை.

இந்தச் சண்டையைப் பதிவு தயாரான பிறகு போடுவதைவிட ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுவது சுலபம். வெளிப்படுத்தும் சொல் முதல் வரியிலும் வீடியோவுக்குள்ளும் இருக்கும் என்று ஒன்று. கடை அந்த வீடியோவை மறுபடி போட்டால் அந்தப் பகுதியை வெட்டக்கூடாது என்று இன்னொன்று. இரண்டாவது வரியின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, கீழே சொல்கிறேன்.

வெளியான பிறகு ஒரு வாரம்

பதிவு வந்த அன்றே அதை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். முத்திரை நிற்கிறதா, மடிப்பு எங்கே விழுந்தது, எழுத்தை எந்தப் பொத்தானாவது மறைக்கிறதா. ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்து ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாராவது கேட்டால் தேட வேண்டாம்.

கமெண்டுகளும் எழுத்தின் ஒரு பகுதிதான். "காசு குடுத்து வாங்குனீங்களா அக்கா?" என்று ஒருவர் கேட்டே தீருவார், மேலே எழுதியிருந்தாலும். பதிலுக்கு இதய எமோஜி போடாமல் "இல்ல, கடை குடுத்தது, மேலே போட்டிருக்கேன்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நம் பதிவில் அந்தக் கேள்விக்கு முன்பே இன்னொருவர், "கல்ல யாரு தூக்குறது, வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" என்று கேட்டிருந்தார். அடியில் நாற்பது பதில், பாதி வீட்டுக்காரர்களைப் பற்றி, மீதி எந்த அளவு கிரைண்டர் வாங்குவது என்று. விளம்பரமா என்ற விவாதம் அங்கே நடக்கவே இல்லை.

ஆறாவது நாள் கடை அந்த ரீலைத் தன் பக்கத்தில் மறுபடி போட்டது. கடையில் வேலை செய்யும் பையன் வேகமாக ஆரம்பிக்கட்டும் என்று முதல் ஆறு வினாடியை வெட்டிவிட்டான். குரலில் "விளம்பரம்தான்" என்ற இடம் போய்விட்டது. கேப்ஷனுக்குப் பதில் "எங்கள் வாடிக்கையாளர் சொல்வதைக் கேளுங்கள்" என்று இருந்தது. தங்கச்சி வாடிக்கையாளரே அல்ல! கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்தது, அழைத்தவுடன் எடுத்துவிட்டு முழு வீடியோவைப் போட்டார், கேப்ஷனில் "நாங்கள் பணம் கொடுத்துச் செய்த விளம்பரம்" என்று சேர்த்தார். அன்றிலிருந்து எந்த வேலையானாலும், எடிட் செய்யப்போகும் பையனின் எண்ணையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.